ஏற்கெனவே சொன்னவை

(மேற்கு மாம்பலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிறுவனச் சட்டம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று என்னிடம் சொன்னார்கள். நான் ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஷோகாஸ் நோட்டீஸுக்கு ஒருவர் எழுதிய பதிலை, அது அலுவலகத்துக்குப் போகும் முன், இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை. ஸ்டேஷன் ரோட்டிலிருந்து லேக் வியூ ரோடு வரை நடந்தால் ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி பெயர்ப் பலகை இல்லாத தெருவைக் காண்பது கடினம். அந்த மாடி அறைகளில் எல்லாம் இந்த வேலை நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் கடைசி நாள் மாலையில், பிழை திருத்துவதுபோல நடக்கிறது. ஸ்பெல்லிங் பார்ப்பார்கள், பத்தி எண் பார்ப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அதைச் சரிபார்ப்பு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

நான் நம்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நோட்டீஸில் இருக்கிற குற்றச்சாட்டு அல்ல. நாமே முன்பு எங்கெங்கோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்கள்தாம் கவிழ்க்கின்றன. ஆண்டறிக்கைக் குறிப்பு, ஆடிட்டருக்குக் கொடுத்த கடிதம், மினிட்ஸ் புத்தகம், வங்கிக்குக் கொடுத்த விண்ணப்பம். அதிகாரி இவற்றை வைத்துக்கொண்டு நம் பதிலைப் படிப்பார். நாம் இவற்றை மூடி வைத்துவிட்டுப் பதில் எழுதுகிறோம்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தேசிய பங்குச் சந்தையின் முன்னாள் மேலாண் இயக்குநர் சித்ரா ராமகிருஷ்ணா, வெளியாள் ஒருவரின் மின்னஞ்சல் முகவரிக்குச் சந்தையின் உள் விவரங்களை அனுப்பினார் என்பது செபியின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஐந்தாண்டு நிதிக் கணிப்பு, டிவிடெண்ட் விகிதம், இயக்குநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதில் இருந்தன. அவர் அளித்த விளக்கம் இது: அந்த நபர் இமயமலைப் பகுதியில் உறையும் ஒரு சித்த புருஷர். அவருக்குக் குறிப்பிட்ட இடம், உருவம் என்று கிடையாது. நினைத்தபோது தோன்றுவார். செபியின் முழுநேர உறுப்பினர் 2022 பிப்ரவரி 11 அன்று பிறப்பித்த, 190 பக்கம் கொண்ட உத்தரவில், அந்த விளக்கத்துக்கு எதிரில் எதை வைத்தார் என்பதுதான் நமக்குப் பாடம். சித்தர் உண்டா இல்லையா என்ற விசாரணைக்குள் அவர் போகவில்லை. அதே முகவரியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலை எடுத்து வைத்தார். அதில் செஷல்ஸ் தீவுக்குப் பயணம் போவது பற்றியும், பைகளைத் தயாராக வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தது. உருவமற்றவர் என்று பதில் சொல்கிறது. பதில் சொன்னவரின் பெட்டியிலேயே இருந்த கடிதம் பயணம் போகிறவர் என்று சொல்கிறது. சித்ரா ராமகிருஷ்ணாவுக்கு 3 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

மேல்முறையீடு, பின்னால் வந்த குற்ற வழக்கு இவற்றுக்குள் நான் போகவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றியும் எனக்கு இங்கே கருத்து இல்லை. அந்தப் பதிலை அனுப்பும் முன் யாராவது ஒருவர், குற்றச்சாட்டில் சுட்டப்பட்ட மின்னஞ்சல்கள் அத்தனையையும் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதிலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவற்றோடு உரசிப் பார்த்திருந்தால் அந்த முரண் கண்ணில் பட்டிருக்கும். எல்லாத் தாளும் அவர்கள் கையிலேயே இருந்தன.

அது பெரிய இடம். நம் ஊர் அளவுக்கு ஒரு பயிற்சி செய்வோம். ஒரு நிதி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிதி என்றால் இந்தப் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. 1872இல் மயிலாப்பூரில் தொடங்கியது முதல் நேற்று ஏதோ ஒரு மாடிப்படியின் கீழ் தொடங்கியது வரை, ஓய்வூதியப் பணத்தை நம்பிக் கொடுக்கிற முதியவர்கள்தாம் அவற்றின் உறுப்பினர்கள். 2024இல் அந்தப் பழைய மயிலாப்பூர் நிதியின் வைப்பாளர்கள் வரிசையில் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். அதனால்தான் இந்த விதிகளைக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளவும் கூடாது.

நிதி விதிகள் 2014இல் 14ஆம் விதி ஒன்று உண்டு. நிலுவையிலுள்ள வைப்புத் தொகையில் 10 சதவீதத்துக்குக் குறையாத பணத்தை வணிக வங்கியிலோ அஞ்சலகத்திலோ எஃப்.டி.யாகப் போட்டு வைக்க வேண்டும். அந்த எஃப்.டி. மீது எந்தப் பிணையும் இருக்கக் கூடாது. அவசரம் வந்து, வைப்பாளருக்குத் திருப்பித் தர அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், மண்டல இயக்குநரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்த நாளின் நிலுவையில் 10 சதவீதம்? இன்றைய நிலுவை அல்ல, போன மாத நிலுவையும் அல்ல. இரண்டாவது முந்தைய மாதத்தின் கடைசி வேலை நாள் முடிவில் இருந்த நிலுவை. அக்டோபருக்கு ஆகஸ்ட் நிலுவை.

நம் கற்பனை நிதிக்கு வந்த நோட்டீஸ் இப்படிச் சொல்கிறது: 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 12 லட்ச ரூபாய் எஃப்.டி. மீது வங்கி லீன் குறித்திருந்தது. எனவே பிணையற்ற வைப்பு 10 சதவீதத்துக்குக் கீழே போயிற்று. ஏன் அபராதம் விதிக்கக் கூடாது? பதில் தர 15 நாள். நிறுவனச் சட்டத்தின் 454ஆம் பிரிவில் வரும் நோட்டீஸுக்கு விதி தரும் அவகாசம் 15 நாளுக்குக் குறையாமலும் 30 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதால், இது மிகக் குறைந்த அவகாசம். 11ஆம் நாள் வரைவு உங்கள் மேசைக்கு வருகிறது. ஆறு பக்கம், நல்ல ஆங்கிலம். இனி நீங்கள்தான் சரிபார்க்கிறவர்.

முதலில் வரைவைத் தொடாதீர்கள். நோட்டீஸைப் படியுங்கள். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக உடைத்து எண் போடுங்கள். லீன் இருந்தது என்பது ஒரு கூற்று. அது இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்பது இரண்டாவது. தொகை 12 லட்சம் என்பது மூன்றாவது. அதனால் 10 சதவீதத்துக்குக் கீழே போயிற்று என்பது நான்காவது. இந்த நான்குக்கும் வரைவில் நேரான பதில் இருக்கிறதா என்று தேடினால், பெரும்பாலும் இரண்டுக்குத்தான் இருக்கும். மற்ற இரண்டும் நிறுவனத்தின் நாற்பதாண்டுச் சேவையைப் பற்றிய பத்திகளுக்குள் காணாமல் போயிருக்கும். பதில் சொல்லாத கூற்றை அதிகாரி ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்.

நோட்டீஸே குற்றத்தை முடிவு செய்துவிட்டது போல எழுதியிருந்தால் அதையும் இங்கேதான் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அனுப்பிய நோட்டீஸ், ஷார்ஜாவுக்கு அனுப்பிய சரக்கு குறையுள்ளது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதாக எழுதிவிட்டுத்தான் காரணம் கேட்டது. மூடிய மனதோடு கேட்கிற கேள்வி கேள்வியே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அப்படிப்பட்ட நோட்டீஸ் வந்தாலும், அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டி ஒரு பத்தியில் அமைதியாக ஆட்சேபம் சொன்னால் போதும். அதே போல, அதிகாரி நம்பியிருக்கிற ஆவணம் நமக்கு வரவில்லையென்றால் அதை முதல் வாரத்திலேயே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். டகானோ எதிர் செபி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தெளிவாக்கியிருக்கிறது. கேட்காமலே இருந்துவிட்டுக் கடைசிப் பத்தியில் "ஆவணம் தரவில்லை" என்று குறை சொல்கிற வரைவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது வரைவு. நான்காவது பத்தி சொல்கிறது: "எங்கள் எஃப்.டி. மீது எந்தக் காலத்திலும் லீன் இருந்ததில்லை." ஆறாவது பத்தி: "வைப்பாளர்களுக்குத் திருப்பித் தருவதற்காக எடுத்த ஓவர்டிராஃப்டுக்கு, கவனக்குறைவால், சில நாட்கள் மட்டும் லீன் குறிக்கப்பட்டது." ஒன்பதாவது பத்தி: "லீன் இருந்தாலும்கூட, எங்கள் மொத்த எஃப்.டி. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தது."

எழுதியவரிடம் கேட்டால், "மாற்று வாதம் சார், சட்டத்தில் அனுமதி உண்டு" என்பார். உண்டு. சட்டத்தை மாற்றி மாற்றி வாதிடலாம். இந்த விதி எங்களுக்குப் பொருந்தாது, பொருந்தினாலும் இந்த அளவு அபராதம் பொருந்தாது என்று சொல்லலாம். நடந்ததை மாற்றி மாற்றிச் சொல்ல முடியாது. லீன் இருந்ததா இல்லையா என்பது வங்கிக் கணினியில் பதிவாகியிருக்கிற ஒரு நிகழ்வு. அதற்கு ஒரு பதில்தான் இருக்க முடியும். முரண்பட்ட இரண்டு பதிலையும் நாமே எழுதிக் கொடுத்தால், எது நமக்குப் பாதகமோ அதை அதிகாரி எடுத்துக்கொள்வார். மற்றதைப் பொய் என்று குறித்துக்கொள்வார். அதன் பிறகு அந்தப் பதிலில் உள்ள உண்மைகளும் எடுபடாது.

இந்த இடத்தில் நான் செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு நீளத் தாளில் மூன்று கட்டம் போடுகிறேன். முதல் கட்டத்தில் வரைவிலுள்ள ஒவ்வொரு உண்மைக் கூற்று. இரண்டாவதில், இதே விஷயத்தை நிறுவனம் வேறு எங்கே சொல்லியிருக்கிறது. மூன்றாவதில், அதைக் காட்டும் தாள். இரண்டாவது கட்டம்தான் நேரம் பிடிக்கும். யாரும் அதை நிரப்ப விரும்புவதில்லை.

நம் நிதிக்கு அதை நிரப்பிப் பார்ப்போம். நிதி நிறுவனத்தின் ஆடிட்டர், எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டனவா என்று ஆண்டுதோறும் சான்று தந்து அதைத் தணிக்கை அறிக்கையோடு இணைக்க வேண்டும். பின்பற்றாத விதி இருந்தால் எது என்று சொல்ல வேண்டும். அது 22ஆம் விதி. 2024 மார்ச் ஆண்டின் சான்றை எடுத்துப் பார்க்கிறோம். 14ஆம் விதியில் மூன்றாம் காலாண்டில் குறைவு இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சான்று தணிக்கை அறிக்கையோடு சேர்ந்து பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆடிட்டருக்கு நிர்வாகம் கொடுத்த கடிதத்தில், எஃப்.டி. மீது ஓவர்டிராஃப்ட் எடுத்தோம் என்று மேலாண் இயக்குநர் கையெழுத்திட்டிருக்கிறார். மினிட்ஸ் புத்தகத்தில் 06.10.2023 தேதியிட்ட தீர்மானம்: எஃப்.டி.யை ஈடாக வைத்து 12 லட்சம் ஓ.டி. பெற ஒப்புதல். வங்கி லெட்ஜரில் லீன் குறித்த நாள் 09.10.2023, நீக்கிய நாள் 20.12.2023.

நான்காவது பத்தி போயிற்று. ஆறாவது பத்தியின் "சில நாட்கள்" 72 நாளாகிவிட்டது. அதைவிட முக்கியமாக, "கவனக்குறைவால்" என்ற சொல்லும் போயிற்று. இயக்குநர் குழு கூடி, விவாதித்து, தீர்மானம் போட்டு எடுத்த கடனைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? தொனி என்று நாம் தனியாகப் பேசுகிற விஷயம் உண்மையில் இதுதான். எழுதுகிறவர் அதை மென்மையான, பணிவான சொல்லாக நினைத்துப் போட்டார். ஆனால் அது நடந்தது பற்றிய ஒரு கூற்று. தெரியாமல் நடந்தது என்று சொல்கிறது. அதற்கும் ஆதாரம் வேண்டும். இருக்கிற ஆதாரமோ எதிராக நிற்கிறது. "சிறிய", "டெக்னிக்கல்", "நடைமுறைப் பிழை", "முழு நம்பிக்கையோடு" எல்லாமே இப்படிப்பட்ட சொற்கள்தாம். பதிலில் வருகிற ஒவ்வொரு அடைமொழிக்கும் ஒரு தாள் கேளுங்கள். தாள் இல்லாத அடைமொழியை அடித்துவிடுங்கள்.

கோபம் வேறு வகை. வரைவின் முதல் பக்கத்தில், நோட்டீஸ் ஆதாரமற்றது, உள்நோக்கம் கொண்டது, யாரோ ஒரு அதிருப்தி உறுப்பினரின் தூண்டுதலால் வந்தது என்று இருக்கிறது. நிர்வாகத்தின் மனநிலை எனக்குப் புரிகிறது. நாற்பது வருடம் ஒரு பைசா தவறவில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்த நோட்டீஸ் அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் லீன் இருந்ததென்று ஆறாவது பத்தியில் ஒப்புக்கொண்ட பிறகு, முதல் பக்கத்தின் "ஆதாரமற்றது" என்ன ஆவது? கோபமும் ஒரு கூற்றுதான், அதுவும் முரண்படுகிறது. கெஞ்சலும் அப்படித்தான். "மன்னித்தருள வேண்டுகிறோம்" என்று ஒரு பத்தி, "எந்தத் தவறும் நடக்கவில்லை" என்று அடுத்த பத்தி. எதற்கு மன்னிப்பு?

ஒன்பதாவது பத்திக்கு வருவோம். கணக்கு இப்படிப் போட்டிருக்கிறார்கள்: அக்டோபர் முடிவில் வைப்பு நிலுவை 7 கோடியே 40 லட்சம், 10 சதவீதம் 74 லட்சம், எங்கள் எஃப்.டி. 77 லட்சம், எனவே குறைவே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் விதி கேட்பது ஆகஸ்ட் 31 நிலுவை. அது 8 கோடி. அக்டோபருக்கு வேண்டியது 80 லட்சம். இருந்தது 77 லட்சம். அதிலும் 12 லட்சம் லீனில். பிணையற்று இருந்தது 65 லட்சம். ஆக, குறைவு 15 லட்சம். நவம்பருக்கும் டிசம்பருக்கும் இதே கணக்கைத் தனித்தனியே போட வேண்டும்.

இங்கே சரிபார்க்கிறவருக்கு ஒரு சங்கடம் வருகிறது. நோட்டீஸ் லீனைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. சரியான கணக்கைப் போட்டால், லீன் வருவதற்கு முன்பே, அக்டோபர் 1 முதலே, 3 லட்சம் குறைவு இருந்தது வெளியே தெரிகிறது. சொல்லலாமா? என் பதில் உங்களுக்குக் கடினமாகத் தோன்றலாம். கணக்கைப் பதிலில் வைக்கிறோம் என்றால் சரியான கணக்கைத்தான் வைக்க வேண்டும். தவறென்று தெரிந்த கணக்கைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, அந்த 15 லட்சக் குறைவைவிடப் பெரிய குற்றம். நிறுவனச் சட்டத்தின் 448ஆம் பிரிவு தெரிந்தே தரும் பொய்க் கூற்றைப் பற்றியது. அதன் தண்டனை மோசடிக்கான பிரிவுக்கு இட்டுச் செல்கிறது. அபராதத்தோடு முடிய வேண்டியதைச் சிறைத் தண்டனை வரை இழுத்துச் செல்கிற பதிலை எந்த நண்பரும் அனுப்ப விடக் கூடாது. கணக்கையே வைக்காமல் விடலாமா என்றால், நோட்டீஸின் நான்காவது கூற்று நேரடியாக அதைத்தான் கேட்கிறது.

வரைவு இன்னொரு இடத்திலும் தன் காலிலேயே விழுகிறது. அவசரத் தேவைக்கு எஃப்.டி.யிலிருந்து எடுக்க 14ஆம் விதியே இடம் தருகிறது என்று எட்டாவது பத்தி வாதாடுகிறது. அந்த விதி முன் அனுமதி கேட்கிறது. அனுமதி கேட்டோமா? இல்லை. அப்படியானால் இந்தப் பத்தி, வழி ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரியும், போகவில்லை என்று சொல்கிறது. விதியின் பாதி வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிற பதிலுக்கு, மீதி வாக்கியத்தை அதிகாரி எழுதுவார்.

இனி சான்றுகள். வரைவோடு இணைத்திருப்பது எஃப்.டி. ரசீதுகளின் நகல்களும் வங்கியின் ஒரு கடிதமும். ரசீது, பணம் போட்டதைத்தான் காட்டும். பிணை இல்லை என்பதைக் காட்டாது. வங்கிக் கடிதமோ போன வாரத் தேதியில், "இந்த வைப்புகள் மீது லீன் இல்லை" என்கிறது. இன்று இல்லை என்பதற்கு அது சான்று. நோட்டீஸ் கேட்பது 2023ஐப் பற்றி. வேண்டியது வேறொரு கடிதம்: ரசீது எண் வாரியாக, லீன் குறித்த நாள், நீக்கிய நாள், அதன் பிறகு இன்று வரை எதுவும் இல்லை என்ற வாக்கியம். மேலாளரின் பெயர், முத்திரை, தேதி. கிளையில் கேட்டு வாங்க மூன்று நாள் ஆகும். ஆகவேதான் 15 நாள் அவகாசத்தில் 11ஆம் நாள் சரிபார்க்க உட்காருவது தவறு. முதல் நாள் மாலையே மூன்று கட்டத் தாளைத் தொடங்க வேண்டும்.

சாதகமான பக்கமும் உண்டு, அதற்கும் இதே கண்டிப்பு. ஓ.டி. பணம் "முழுவதும்" வைப்பாளர்களுக்கே போயிற்று என்கிறது வரைவு. உண்மையிலேயே இது நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பலம். அபராதத்தின் அளவை முடிவு செய்யும்போது அதிகாரி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு விதிகள் சொல்கின்றன: நிறுவனத்தின் அளவு, பொது நலனுக்கு வந்த கேடு, தவறின் தன்மை, அது முன்பும் நடந்ததா, யாராவது லாபம் அடைந்தார்களா, முதலீட்டாளருக்கோ கடன் கொடுத்தவருக்கோ நஷ்டம் வந்ததா. வைப்பாளர் ஒருவருக்கும் ஒரு நாள்கூடத் தாமதமில்லை என்று காட்ட முடிந்தால் அது அந்தப் பட்டியலுக்கு நேர் பதில். நாற்பதாண்டுச் சேவை பற்றிய இரண்டு பக்கத்தைவிட அதற்கு எடை அதிகம்.

ஆனால் வங்கிக் கணக்குப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கிறோம். 12 லட்சத்தில் 11 லட்சத்து 15 ஆயிரம் வைப்பாளர்களுக்குப் போயிருக்கிறது. 85 ஆயிரம் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கிறது. "முழுவதும்" என்ற ஒரு சொல்லால், 11 லட்சத்து 15 ஆயிரம் தரும் நியாயமும் பாழாகும். அந்த 85 ஆயிரத்தை நாமே சொல்லிவிட்டால் அது ஒரு வரி. அதிகாரி கண்டுபிடித்தால் அதுவே உத்தரவின் மையப் பத்தி. "எப்போதும்", "ஒருபோதும்", "முழுவதும்", "யாருக்கும்": இந்த நான்கு சொற்களையும் கணினியில் தேடிப் பார்ப்பது என் பழக்கம். வரும் இடத்திலெல்லாம் நின்று உரசிப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளம் வயதில் ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பதிலில், ஒரே கூட்டத்துக்கு மூன்றாம் பத்தியில் ஒரு தேதியும் இணைப்பில் வேறு தேதியும் இருந்தன. தட்டச்சுப் பிழைதான். ஆனால் விசாரணையில் அதிகாரி கேட்ட முதல் கேள்வி அது. எந்தக் கூட்டம் உண்மையில் நடந்தது என்றார். நடந்தது ஒன்றுதான் என்று நிரூபிக்க எங்களுக்கு அந்த அமர்வு முழுவதும் போயிற்று. சொல்ல வந்த நியாயத்தைச் சொல்ல நேரமில்லை. அந்த நிறுவனத்தின் முதியவர் என்னைக் கடிந்துகூடப் பேசவில்லை. வெளியே வந்து, "நீங்க ஒருத்தரே எழுதி ஒருத்தரே படிச்சிருக்கீங்க இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் எழுதிய பதிலை நானே கடைசியாகப் படித்து அனுப்பியதில்லை.

இயக்குநர்களின் தனிப் பதில்களையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். நோட்டீஸ் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பொறுப்பிலிருந்த அதிகாரிகளுக்கும் வரும். நம் நிதியில் ஓர் இயக்குநர், ஓ.டி. விஷயமே எனக்குத் தெரியாது என்று தனியாக எழுதியிருக்கிறார். மினிட்ஸில் 06.10.2023 வருகைப் பதிவில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. எண்பது வயதில் கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வாய்ப்பில்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதையே, வருகையை ஒப்புக்கொண்டு, எழுத வேண்டும். அவரைக் கூப்பிட்டு, மினிட்ஸைக் காட்டி, பொறுமையாகப் பேச வேண்டும். நிறுவனத்தின் பதிலுக்கு ஏற்றபடி அவரை எழுதவைப்பது அல்ல இதன் நோக்கம். அவருக்கும் நிறுவனத்துக்கும் உண்மையிலேயே நலன் வேறானால் அவருக்குத் தனி ஆலோசகர் வேண்டும். அதைச் சொல்வதும் சரிபார்க்கிறவர் கடமை.

இத்தனைக்கும் பிறகு, ஆறு பக்க வரைவின் நடுப்பகுதி எப்படி ஆகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில்தான் போகும், பொருளைத் தமிழில் சொல்கிறேன்.

"நோட்டீஸ் குறிப்பிடும் 12 லட்ச ரூபாய் வைப்பின் மீது 09.10.2023 முதல் 20.12.2023 வரை வங்கி லீன் குறித்திருந்தது. 06.10.2023 தீர்மானத்தின்படி (இணைப்பு 1) எடுத்த ஓவர்டிராஃப்டுக்காக அது குறிக்கப்பட்டது. 31.08.2023 நிலுவையின்படி அக்டோபருக்குத் தேவைப்பட்டது 80 லட்சம். பிணையற்று இருந்தது 65 லட்சம். 15 லட்சக் குறைவில் 3 லட்சம் லீனுக்கு முன்பே இருந்தது (கணக்கீடு, இணைப்பு 2). விதி 14இன்படி முன் அனுமதி கேட்கப்படவில்லை. பெற்ற தொகையில் 11,15,000 ரூபாய் முதிர்ந்த வைப்புகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. 85,000 ரூபாய் அலுவலகப் பராமரிப்புக்குச் செலவானது (வங்கிப் பட்டியல், இணைப்பு 3). அந்த மாதங்களில் முதிர்ந்த எல்லா வைப்புகளும் உரிய நாளில் தரப்பட்டதைப் பதிவேட்டின் நகல் (இணைப்பு 4) காட்டுகிறது. 20.12.2023க்குப் பிறகு லீன் இல்லை (வங்கிக் கடிதம், இணைப்பு 5)."

இதில் "எல்லா" என்று ஒரு சொல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் முதிர்வு நாளோடும் பணம் கொடுத்த நாளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் உள்ளே வந்தது. ஒரு வரி பிசகியிருந்தாலும் வந்திருக்காது. இதைப் படித்த நிர்வாகத்தார், "எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டோமே" என்று கலங்குவார்கள். ஒப்புக்கொண்டது ஏற்கெனவே ஆடிட்டர் சான்றிலும் வங்கி லெட்ஜரிலும் இருந்ததைத்தான். புதிதாகச் சேர்ந்தது, வைப்பாளர் யாரும் நஷ்டப்படவில்லை என்பதும், லீன் நீங்கிவிட்டது என்பதும், இந்தப் பதிலை எழுதியவர்கள் சொல்வதை நம்பலாம் என்பதும்.

அபராதமே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சட்டம் குறைந்தபட்ச அபராதம் விதித்திருந்தால் நல்ல தொனியோ நல்ல இணைப்போ அதற்குக் கீழே கொண்டுபோகாது. உத்தரவு வந்தால் 60 நாளுக்குள், நம் சாஸ்திரி பவனில் இருக்கும் மண்டல இயக்குநரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே முதலில் விரிக்கப்படுவது இந்தப் பதிலும் இந்த ஐந்து இணைப்புகளும்தாம். ஆகவே அனுப்பிய அதே தொகுப்பை, அதே பக்க எண்ணோடு, பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் சேர்த்துத் தைத்து ஒரு பிரதி அலுவலகத்தில் வையுங்கள். விசாரணைக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது அந்தப் பிரதிதான். கணினியில் இருக்கும் கடைசிக்கு முந்தைய வரைவு அல்ல.